கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்குவது எப்படி?

நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக் குழு அண்மையில் பேகம்பூரில் கூடியது. அஸருக்குப் பிறகு தொடங்கி, மஃரிப் தொழுகைக்காக இடையில் நிறுத்தி, மீண்டும் அமர்ந்து பேசினோம். மேசை மேல் வைத்த ஒரு கைப்பேசியில் 2 மணி 8 நிமிடம் பதிவானது. பதிவு செய்வதாகத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தோம்.

பத்து நாள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். "என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கொடுக்குறதா செயலாளர் பாய் சொன்னாங்க. இப்ப கடன் பத்திரத்துல கையெழுத்துக் கேக்குறீங்களே, அத்தா இல்லாத பிள்ளை, நான் எப்படித் திருப்பிக் கட்டுவேன்?" என்றார். செயலாளருக்கு "கொடுக்கலாம்" என்று முடிவானதுதான் நினைவில் இருந்தது. பொருளாளருக்குக் "கடன்" என்றது நினைவில் இருந்தது. தீர்மான நோட்டில் ஒரு வரிதான் இருந்தது. அதில் தொகையும் தெளிவாக இல்லை. பதிவைக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

இரண்டு மணி நேரப் பதிவில் ஒரு பேச்சைத் தேடிப் பிடிப்பது சுலபமல்ல. அதனால் முழுப் பதிவையும் நேரக்குறிப்போடும், யார் பேசியது என்ற குறிப்போடும் எழுத்தாக்கினோம். அதில் நாங்கள் செய்த தவறுகளும் திருத்திய விதமும் மற்ற ஜமாஅத்துகளுக்கும் சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

பேச்சை எழுத்தாக்க நாங்கள் பயன்படுத்தியது விஸ்பர் என்ற இலவச மென்பொருள். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் நம் கணினியிலேயே ஓடும். பதிவு வெளியே எங்கும் போகாது. உதவி பெறும் குடும்பங்களின் பெயர்கள் நம் கூட்டங்களில் அடிபடுகின்றன. அந்தப் பதிவை முன்பின் தெரியாத இலவச இணையதளங்களில் ஏற்றுவது அமானிதத்தைத் தெருவில் வைப்பது போல. அதனால்தான் நேரம் அதிகம் பிடித்தாலும், அலுவலகக் கணினியிலேயே இரவில் ஓடவிட்டோம்.

முதல் இரவு முழுப் பதிவையும் அப்படியே கொடுத்தோம். காலையில் பார்த்தால் பக்கம் பக்கமாக அரபி எழுத்து. எந்த மொழி என்று நாம் சொல்லாவிட்டால், விஸ்பர் முதல் 30 விநாடியைக் கேட்டுத் தானே முடிவு செய்யும். நம் கூட்டம் கிராஅத்தோடு தொடங்கியது. அது அரபி என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த தமிழையும் அரபி எழுத்தில் எழுதித் தள்ளிவிட்டது. மஃரிப் இடைவேளையில் இன்னொரு குறை தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்த அந்த 22 நிமிடத்துக்கு, யாரும் பேசாத ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. பேச்சு இல்லாத இடத்திலும் எதையாவது எழுதிவைப்பது இந்த மென்பொருளின் அறிந்த குறை.

ஆகவே பதிவை வெட்ட வேண்டும் என்று புரிந்தது. எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கடிகாரத்தைப் பார்த்து வெட்டினால் வெட்டு ஒரு சொல்லின் நடுவில் விழும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "வேணும்", "வேணாம்" இரண்டுக்கும் முதல் ஒலி ஒன்றுதான். "வே" என்பதோடு துண்டு முடிந்தால் மீதியை மென்பொருள் ஊகித்து எழுதும். மறுத்தவர் சம்மதித்ததாக ஆகிவிடும். எனவே பத்தாவது நிமிடத்துக்கு அருகில் எல்லோரும் சற்று மௌனமாக இருந்த இடத்தைத் தேடி அங்கே வெட்ட வேண்டும்.

அந்த இடங்களை ffmpeg என்ற இலவசக் கருவி காட்டிக்கொடுக்கும். முதல் வரி பதிவை ஒற்றைத் தட ஒலியாக மாற்றுகிறது. இரண்டாவது வரி 0.7 விநாடிக்கு மேல் நீளும் மௌனங்களைப் பட்டியலிடுகிறது.

```
ffmpeg -i kootam.m4a -ac 1 -ar 16000 kootam.wav
ffmpeg -i kootam.wav -af silencedetect=noise=-30dB:d=0.7 -f null -
```

எங்களுக்கு முதலில் ஒரு மௌனமும் கிடைக்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தைக் கருவி பேச்சாக எண்ணிவிட்டது. `-30dB` என்பதை `-25dB` ஆக மாற்றியதும் பட்டியல் வந்தது. மெதுவாகப் பேசுபவரின் குரலையும் மௌனம் என்று காட்டினால், மாறாக `-35dB` பக்கம் இறக்க வேண்டும்.

கிராஅத் 2 நிமிடம் 38 விநாடியில் முடிந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தோம். அங்கிருந்து பத்து நிமிடம் என்றால் 758ஆவது விநாடி. அதற்கு அருகில் 751.32 முதல் 752.46 வரை ஒரு மௌனம் இருந்தது. அதன் நடுவில், 751.9இல் வெட்டினோம்.

```
ffmpeg -i kootam.wav -ss 158 -to 751.9 p01.wav
whisper p01.wav --language ta --model medium --condition_on_previous_text False --output_format srt
```

`--language ta` என்பது தமிழ் என்று நாமே சொல்லிவிடுவது. அடுத்துள்ள `False`, முன்னால் எழுதியதைப் பார்த்து அதையே திருப்பி எழுதும் பழக்கத்தைக் குறைக்கிறது. பெரியவர் ஒருவர் நடுவில் உருதுவில் பேசிய சில நிமிடங்களைத் தனித் துண்டாக்கி, கையால் எழுதினோம்.

வேகமாகப் பேசுபவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. விஸ்பர் 30 விநாடி, 30 விநாடியாகக் கேட்கிறது. ஒவ்வொரு 30 விநாடிக்கும் அது எழுதக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லே பெரும்பாலும் ஒரு துணுக்காக அதற்குள் அடங்கிவிடும். தமிழ்ச் சொல்லோ எழுத்தெழுத்தாக உடைந்து பல துணுக்குகளாகிறது. அதனால் படபடவென்று பேசினால் வரம்பு நிரம்பி, மீதிப் பேச்சு எழுதப்படாமலே போகலாம். நேரக்குறிப்பில் இதைக் கண்டுபிடிக்கலாம். 30 விநாடிக்கு ஒரே வரி இருந்து, அதுவும் பாதியில் நின்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்த இடத்தை மட்டும் 10, 15 விநாடித் துண்டுகளாக வெட்டி மறுபடி ஓடவிட்டால் விடுபட்டது வந்துவிடும்.

இடைவேளையையும் நீக்கி, மொத்தம் 11 துண்டுகள் ஆயின. ஒவ்வொரு துண்டும் மூலப் பதிவில் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தோம். மென்பொருளுக்கு ஒவ்வொரு துண்டும் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. நாம்தான் தொடக்க நேரத்தைக் கூட்ட வேண்டும். பத்தாவது துண்டு மூலத்தில் 1:51:47இல் தொடங்குகிறது. அதில் 6:12இல் வந்த வரியின் உண்மையான நேரம் 1:57:59. இந்தக் கணக்கைச் செய்யாமல், கிராஅத்தையும் இடைவேளையையும் நீக்கிய துண்டுகளை ஒட்டி அந்த நேரத்தையே குறித்திருந்தால், 24 நிமிடம் 58 விநாடி குறைந்து 1:33:01 என்று வரும். மூலப் பதிவில் அங்கே போய்க் கேட்டால் எல்லோரும் தொழுகைக்குப் போயிருப்பார்கள். மின்விசிறி மட்டும் சுற்றும். நேரக்குறிப்பு சரியா என்று அறிய இதுவே வழி: கடைசித் துண்டிலிருந்து மூன்று வரிகளை எடுத்து, மூலப் பதிவில் அதே நேரத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது யார் பேசியது என்பது. விஸ்பர் அதைச் சொல்லாது. அதற்கு `pyannote` என்ற இன்னொரு இலவசக் கருவி உண்டு. அது சொற்களைக் கவனிப்பதில்லை; குரலின் தன்மையை வைத்து, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ஒரே குரல் என்று மட்டும் பிரிக்கிறது. பெயர் அதற்குத் தெரியாது. `SPEAKER_00`, `SPEAKER_01` என்று எண் போடும்.

இதை நாங்கள் முதலில் துண்டு துண்டாக ஓடவிட்டது தவறு. ஒவ்வொரு துண்டிலும் எண் புதிதாகத் தொடங்கும். முதல் துண்டில் 00 என்றிருந்த தலைவர் அடுத்த துண்டில் 02 ஆகிவிட்டார். எழுத்தாக்கத்துக்குத் துண்டுகள், குரல் பிரிப்புக்கு முழுப் பதிவு. அப்படித்தான் செய்ய வேண்டும். பேசியவர்கள் ஏழு பேர் என்ற எண்ணிக்கையையும் முன்கூட்டியே கொடுத்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு இடங்களைக் கேட்டு, பெயரை நாங்களே எழுதினோம்.

இப்போது அந்தத் தாயின் விஷயத்துக்கு வருவோம். 1:57:59 முதல் 1:58:09 வரையுள்ள வரி இப்படி வந்திருந்தது: "எண்பதாயிரம் கொடுக்கலாம் கடனா கொடுக்கலாம் ரெண்டாவது வருஷத்துல இருந்து." பேசியவர் என்று பொருளாளரின் எண் இருந்தது. குரல் பிரிப்புப் பட்டியலில் அதே இடம் இப்படி இருந்தது:

```
01:57:40 - 01:58:03  SPEAKER_03
01:58:03 - 01:58:10  SPEAKER_01
```

ஒரு வரிக்குள் இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். முதல் 4 விநாடி செயலாளர்; அடுத்த 6 விநாடி பொருளாளர். யார் அதிக நேரம் பேசினாரோ அவர் பெயரில் முழு வரியும் போய்விட்டது. காதால் கேட்டு அதை இரண்டாகப் பிரித்தோம். கேட்டபோது தொகையும் மாறியது. செயலாளர் சொன்னது "அம்பதாயிரம்". நம் பேச்சில் "அம்பது", "எம்பது" இரண்டும் ஒரே ஒலிபோல விழுகின்றன. மென்பொருள் அதை எண்பது என்று எடுத்துக்கொண்டது.

"கடனா கொடுக்கலாம், ரெண்டாவது வருஷத்துல இருந்து திருப்பட்டும்" என்றது பொருளாளர். உடனே 1:58:12இல் ஒரு "சரி". அந்த ஒரு சொல்லுக்குக் கருவி வேறொருவர் எண்ணைப் போட்டிருந்தது. இவ்வளவு குறுகிய பேச்சிலும், இருவர் ஒன்றாகப் பேசும் இடத்திலும் குரல் பிரிப்பை நம்ப முடியாது. மூன்று பேர் தனித்தனியே கேட்டோம். அது செயலாளரின் குரல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆக, முடிவானது 50,000 ரூபாய், வட்டியில்லாக் கடன், இரண்டாம் ஆண்டிலிருந்து திருப்பிக் கட்டுவது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு முதல் பாதி நினைவில் நின்றது, இன்னொருவருக்கு இரண்டாம் பாதி. அடுத்த கூட்டத்தில் அந்த அரை நிமிடத்தை எல்லோர் முன்னும் போட்டுக் கேட்டோம். ஆனால் அந்தத் தாயிடம் "கொடுப்பார்கள்" என்று மட்டும் சொன்னது நம் தவறு என்பதால், படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு கட்டினால் போதும் என்று குழு தீர்மானத்தைத் திருத்தியது.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி ஒரு வாக்கியம் பேசுகிறார்கள். குரலை அடையாளம் காண அது போதும். தொழுகை நேரத்தில் பதிவை நிறுத்தி, பிறகு புதிய பதிவாகத் தொடங்குகிறோம். எழுத்தாக்கிய பின் தொகை, பெயர், தேதி, "வேணும், வேணாம்" வரும் வரிகளை மட்டுமாவது ஒருவர் காதால் கேட்டுச் சரிபார்த்து, வரியின் ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போடுகிறார். அந்த எழுத்து இல்லாத வரியைத் தீர்மான நோட்டில் ஏற்றுவதில்லை. உதவி பெறுபவரின் பெயருக்குப் பதில் கோப்பு எண் மட்டுமே நோட்டில் இருக்கும்.