ரிங் போகும் ஓசையில் தெரியும் நாடு

நம்பர் இந்திய நம்பர்தான், வழக்கமாக அழைக்கிற அதே நண்பர்தான். ஆனால் காதில் விழும் ரிங் மட்டும் இன்று வேறு மாதிரி இருக்கிறது. நமக்குப் பழகிய ‘ட்ரிங்-ட்ரிங்’ என்ற இரட்டை ஒலியைக் காணோம். ஒரே ஒரு ‘டூ…’, அதன்பின் வெகுநேரம் மௌனம், மறுபடி ஒரு ‘டூ…’. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனும் கையுமாக இருக்கும் பெற்றோர் பலருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபட்டுவிடும். ஆள் ஊரில் இல்லை, விமானம் ஏறிப் போய் இறங்கியும் விட்டார் என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

காரணம், அந்த ஒலி பிறக்கும் இடம். நாம் ஒருவரை அழைக்கும்போது கேட்பது அவருடைய போனின் மணியோசை அல்ல. அவர் எந்தப் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்தாலும் அது நம் காதுக்கு வராது. ‘அங்கே மணி அடிக்கிறது, காத்திருங்கள்’ என்று நமக்குத் தெரிவிப்பதற்காக அவர் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் தனியாக உண்டாக்கி அனுப்பும் ஒலி அது. லேண்ட்லைன் என்றால் அவர் தெருவுக்கு இணைப்புத் தரும் எக்ஸ்சேஞ்ச். மொபைல் என்றால் அந்த நேரத்தில் அவர் போன் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அந்த நெட்வொர்க்கின் ஸ்விட்ச். பேச்சு போய்வர வேண்டிய பாதையிலேயே அந்த ஒலி நம்மை நோக்கி வருகிறது. ஜெர்மனியில் பிறந்தால் அது ஜெர்மனியின் ஒலியாகவே வந்து சேரும்.

இந்த ஒலி உலகம் முழுக்க ஒன்றாக இல்லை. ஐ.நா. சபையின் அங்கமான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென்று ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. அதன் எண் E.180. ஆனால் அது வருவதற்கு முன்பே ஒவ்வொரு நாடும் தன் எக்ஸ்சேஞ்சுகளைத் தன் வழக்கப்படி அமைத்து முடித்துவிட்டது. அதனால் எந்த நாட்டில் எந்த ஒலி என்று பட்டியலிட்டு வெளியிடும் வேலையும் அந்த ஒன்றியத்துக்கே வந்து சேர்ந்தது.

நம் இரட்டை ஒலி பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்றது. 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி இடைவெளி, மீண்டும் 0.4 விநாடி ஒலி, பிறகு 2 விநாடி மௌனம். ஒரு சுற்றுக்கு 3 விநாடி ஆகும். இங்கிலாந்து, இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா எல்லாமே இந்த ஒரே குடும்பம். எனவே இரட்டை ரிங் கேட்டால், நண்பர் சிங்கப்பூரில் இருக்கிறாரா சேலத்தில் இருக்கிறாரா என்று தாளத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவும் கனடாவும் வேறு குடும்பம். அங்கே 2 விநாடி நீள ஒலி, 4 விநாடி மௌனம். அந்த ஒலி ஒற்றைச் சுரமாகவும் இருக்காது. 440, 480 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடுவதால், இரண்டுக்கும் உள்ள 40 ஹெர்ட்ஸ் வேறுபாடு ஓர் அதிர்வாகக் காதில் விழும். ஹாலிவுட் படம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கரகரத்த ‘ர்ர்ர்ர்…’ நன்றாகப் பழக்கம். ஐரோப்பாவில் பல நாடுகள் 425 ஹெர்ட்ஸில் அதிர்வில்லாத தெளிந்த ஒற்றைச் சுரத்தை வைத்திருக்கின்றன. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 1 விநாடி ஒலி, 4 விநாடி மௌனம். பிரான்ஸ் மட்டும் 440 ஹெர்ட்ஸில் ஒன்றரை விநாடி ஒலித்து மூன்றரை விநாடி ஓயும். ஜப்பானில் 1 விநாடி ஒலி, 2 விநாடி மௌனம்.

சீனா ஒரு நல்ல சோதனை. அங்கேயும் ஜெர்மனியைப் போலவே 1 விநாடி ஒலி, 4 விநாடி மௌனம்தான். தாளத்தை எண்ணிப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஆனால் சீனாவின் சுரம் 450 ஹெர்ட்ஸ். 425-க்கும் 450-க்கும் நடுவே உள்ள தூரம் கிட்டத்தட்டச் சரியாக அரைச் சுரம், அதாவது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள தூரம். சங்கீதம் கற்ற காது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பிரித்துவிடும். மற்றவர்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு போனில் அலைவரிசை காட்டும் செயலி ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்தால் போதும். 425-க்கு அருகில் கோடு நின்றால் ஐரோப்பா என்று எடுத்துக்கொள்ளலாம், 450-க்கு அருகில் நின்றால் சீனா. செயலி எதுவும் வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணலாம். இந்தியக் குடும்பத்தில் 20 வரும், ஐரோப்பாவில் 12, அமெரிக்காவில் 10.

ஒரு நிகழ்ச்சியை முழுக்கத் தொடர்ந்து பார்ப்போம். மதுரைக்காரர் ஒருவர் தன் இந்திய சிம்முடன் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, ரோமிங்கில் போனை ஆன் செய்கிறார். அந்த நிமிடமே ஜெர்மன் நெட்வொர்க் அவருடைய இந்தியக் கம்பெனிக்கு, உங்கள் வாடிக்கையாளர் இப்போது எங்களிடம் இருக்கிறார் என்று தகவல் அனுப்புகிறது. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று ஒவ்வொரு கம்பெனியிடமும் உண்டு. அதில் அவர் பெயருக்கு நேரே ஜெர்மனி என்று ஏறிவிடுகிறது. மதுரையிலிருந்து தம்பி அழைக்கிறார். அழைப்பு முதலில் இந்தியக் கம்பெனிக்குப் போகிறது. அது பதிவேட்டைப் பார்த்து, ஜெர்மன் நெட்வொர்க்கிடம் கேட்டு, இந்த ஒரு அழைப்புக்கு மட்டும் பயன்படும் தற்காலிக எண் ஒன்றை வாங்குகிறது. அந்த எண் +49 என்று ஜெர்மனியின் குறியீட்டில் தொடங்கும். அழைப்பு அந்த எண்ணுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஜெர்மன் ஸ்விட்ச் போனைத் தேடிப் பிடித்து, மணி அடிக்கச் செய்து, தம்பிக்குத் தன் நாட்டு ஒலியை அனுப்புகிறது. டயல் செய்தபின் ரிங் தொடங்கும்வரை நிலவும் அமைதி வழக்கத்தைவிடச் சில விநாடிகள் நீள்வதற்கும் இந்தக் கேள்வி பதில்தான் காரணம். அந்த அமைதியும் ஒரு தடயமே.

பிஸி ஒலியை மட்டும் இப்படி நம்பக் கூடாது. இந்தியாவில் 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி ஓய்வு. இங்கிலாந்தில் அதைவிட இரு மடங்கு வேகமாக, 0.375 விநாடி. ஆக, இதுவும் நாட்டுக்கு நாடு மாறுவதுதான். ஆனால் இன்றைய நெட்வொர்க்கில் எதிர்முனை பிஸியாக இருந்தால் அங்கிருந்து ஒலி எதுவும் வருவதில்லை. காரணத்தைச் சொல்லும் ஒரு எண் மட்டுமே தனிப் பாதையில் வரும். பிஸிக்கு அந்த எண் 17. எண் வந்ததும் பேச்சுப் பாதை விடுவிக்கப்படுகிறது, நம் எக்ஸ்சேஞ்ச் தன்னிடம் உள்ள பிஸி ஒலியை நமக்குப் போட்டுக் காட்டுகிறது. நண்பர் நியூயார்க்கில் பேசிக்கொண்டிருந்தாலும் நாம் கேட்பது உள்ளூர் பிஸிதான். பாதையை வீணே பிடித்துவைக்காமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் நாட்டைக் கண்டுபிடிக்க நினைப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

பதிவு செய்த குரல் இதற்கு நேர்மாறு. ஒலியில் நாட்டின் குடும்பம்தான் தெரியும். குரலில் நாடே தெரிந்துவிடும். பல நாடுகளில் அறிவிப்புக்கு முன்னால் படிப்படியாக ஏறும் மூன்று சுரங்கள் கேட்கும். 950, 1400, 1800 ஹெர்ட்ஸ் என்று சர்வதேச அளவில் ஒத்துக்கொள்ளப்பட்டவை அவை. அழைப்பு சேரவில்லை என்பதை எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளட்டும் என்று வைத்தது. பிறகு வரும் குரலில் ‘கைன் ஆன்ஷ்லுஸ்’ என்று தொடங்கினால், இந்த எண்ணில் இணைப்பே இல்லை என்று ஜெர்மனியில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பழைய அறிவிப்புகள் இன்னும் துல்லியம்: செய்தி முடிந்ததும் கடைசியில் சில எண்களையும் எழுத்துகளையும் வாசிப்பார்கள். எந்த ஸ்விட்ச் பேசுகிறது என்பதற்கான அடையாளம் அது. பழுது பார்க்கும் ஊழியர்களுக்காக வைத்தது, கேட்பவருக்கும் ஊரைச் சொல்லிவிடும். ஒரே அறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தால் அது இலங்கை. வேறு நாட்டைத் தேட வேண்டியதில்லை. நம் நாட்டுக்குள்ளேயும், தமிழ்நாட்டு நம்பருக்கு அழைத்துக் கன்னடத்தில் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று கேட்டதும் ஆள் பெங்களூரில் என்று புரிந்துகொண்டவர்கள் ஏராளம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருப்பது சொந்தக் கம்பெனியின் பதிவேட்டிலேயே ஏறியிருந்தால், அழைப்பு வெளிநாட்டுக்குப் போகவே போகாது. சொந்தக் கம்பெனியே இங்கிருந்து அறிவித்துவிடும்.

இந்தத் தடயங்களை அழிக்கும் விஷயங்கள் சில உண்டு. காலர் ட்யூன் வைத்திருந்தால் சொந்த நெட்வொர்க் ரிங் ஒலி வரவேண்டிய இடத்தில் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறது. யாராவது தன் அழைப்புகளை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால், அவர் தஞ்சாவூரில் இருந்தாலும் நமக்கு வெளிநாட்டு ரிங் கேட்கும். வாட்ஸ்ஆப் அழைப்பில் கேட்பது அந்தச் செயலியின் சொந்த ஒலி, அதற்கு நாடு கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பேச்சையும் 4ஜி இன்டர்நெட் வழியாகவே அனுப்பும் வோல்டே. அங்கே எதிர்முனை ‘180 Ringing’ என்று ஒரு செய்தியை மட்டும் அனுப்பினால், ரிங் ஒலியை நம் கையில் இருக்கும் போனே உண்டாக்கிக்கொள்கிறது. எதிர்முனை ஒலியையும் சேர்த்து அனுப்பும்போதுதான் அந்த நாட்டின் ரிங் நம்மை வந்தடையும். அதனால் வெளிநாட்டு ரிங் கேட்டால் அது நல்ல சாட்சி. உள்ளூர் ரிங் கேட்டால் அதை வைத்து ஆள் உள்ளூரில்தான் இருக்கிறார் என்று சாதிக்க முடியாது.

இதுவரை சொன்னது நாம் அழைக்கும் அழைப்புகளைப் பற்றி. நமக்கு வரும் அழைப்பில் இந்த வித்தை பலிக்காது. அடிப்பது நம் போன், எதிரில் இருப்பவர் வைத்தபின் கேட்கும் ஒலியும் நம் பக்கத்துடையது. திரையில் தெரியும் எண்ணையும் முழுக்க நம்ப முடிவதில்லை. ‘சிம் பாக்ஸ்’ என்ற கருவியில் ஏராளமான உள்ளூர் சிம்களைச் செருகி, வெளிநாட்டு அழைப்பை இன்டர்நெட்டில் கொண்டுவந்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் வழக்குகள் பதிவாகியுள்ளன. துபாயிலிருந்து பேசுகிறவரின் அழைப்பு சென்னை நம்பரில் வருவது இப்படித்தான். அந்த நம்பருக்குத் திருப்பி அழைத்தாலும் பேசியவர் கிடைக்கமாட்டார். அந்த சிம் ஏதோ ஒரு வாடகை அறையில் கருவிக்குள் செருகிக் கிடக்கிறது.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்து, அதற்குத் திருப்பி அழைக்க நேர்ந்தால் ரிங்கைக் கேட்டுக்கொண்டே திரையையும் பார்க்க வேண்டும். உண்மையான ரிங் என்றால் அழைப்பு இன்னும் இணையவில்லை. நேரம் ஓடத் தொடங்காது, கட்டணமும் கிடையாது. ரிங் போய்க்கொண்டிருக்கும்போதே 00:01, 00:02 என்று விநாடிகள் ஓடினால் எதிர்முனை அழைப்பை எடுத்துவிட்டது என்று பொருள். நாம் கேட்பது பதிவு செய்து போடப்பட்ட ரிங். நாம் காத்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் சர்வதேசக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது அது எந்த நாட்டு ரிங் என்று ஆராய நிற்காமல் உடனே கட் செய்துவிட வேண்டும்.