எந்த போனுக்கு எந்தக் கவர்?

சாம்சங் 2019-இல் விற்ற கேலக்ஸி A30, A50, A30s மூன்றும் நீள அகலத்தில் ஒன்றுதான்: 158.5 மில்லிமீட்டருக்கு 74.7 மில்லிமீட்டர். ஆனால் ‘மூன்றுக்கும் ஒரே பேக் கவர்’ என்று பட்டியலில் எழுதிவிட்டால் பாதிப் பேர் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

காரணம் முதுகில் இருக்கிறது. A30-க்குப் பின்னால் இரண்டு கேமரா, நடுவில் கைரேகை சென்சார். மற்ற இரண்டுக்கும் பின்னால் மூன்று கேமரா. சென்சார் திரைக்கு அடியில். A50-இன் கவரை A30-க்கு மாட்டினால் கச்சிதமாகவே உட்காரும், ஆனால் சென்சார் மறைந்துவிடும். A30s-க்குச் சேருவது, பெயரில் ஒட்டியிருக்கும் A30-இன் கவர் அல்ல, A50-இன் கவர். பெயரையும் நம்ப முடியாது, அளவையும் மட்டும் நம்ப முடியாது.

கிளாஸ் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. மூன்றிலும் 6.4 அங்குலத் திரைதான். கடைகளில் மூன்றுக்கும் சேர்த்தே டெம்பர்ட் கிளாஸ் விற்கிறார்கள். அதனால் பட்டியலில் ஒவ்வொரு போனுக்கும் இரண்டு குழுப் பெயர் வேண்டும்: கவர் குழு ஒன்று, கிளாஸ் குழு ஒன்று. பொருளைப் போனோடு நேராக இணைக்காமல் குழுவோடு இணைக்க வேண்டும். புது டிசைன் கவர் வந்தால் ஒரு வரி சேர்த்தாலே போதும். குழுவிலுள்ள எல்லாப் போன்களுக்கும் அது காட்டும்.

கிளாஸிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸை ஒட்டினால் நடுவே மெல்லிய காற்றிடைவெளி நிற்கும். A30-க்கு அதனால் நஷ்டமில்லை. A50-இன் சென்சாரோ திரை வழியாக ஒளியைக் கொண்டு விரலைப் படிப்பது. இடைவெளி இருந்தால் தடுமாறும். ஆகவே ‘முழுப் பசை மட்டும்’ என்ற நிபந்தனையை A50, A30s வரிகளில் எழுதியே ஆக வேண்டும்.

நான் வற்புறுத்துவது இன்னொரு பத்தியை: ‘எப்படித் தெரியும்?’ கையால் போட்டுப் பார்த்ததா, அளவை ஒப்பிட்டதா, சப்ளையர் சொன்னதா என்று அங்கே குறிக்க வேண்டும். முதல் வகையை மட்டுமே வாங்குபவருக்கு ‘பொருந்தும்’ என்று காட்டலாம். போட்டுப் பார்ப்பது என்றால் கவரை மாட்டிப் பார்ப்பதோடு முடியாது. பவர், வால்யூம் பட்டன்களை அழுத்த வேண்டும். சார்ஜர் முனை முழுதாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். துளை சற்றே விலகியிருந்தாலும் கவரின் விளிம்பில் ஒளி பட்டு, படம் வெளிறிப் போகும். கிளாஸ் ஒட்டிய போனுக்குக் கவர் மாட்டும்போது ஓரம் தூக்குகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாங்குபவர் தேடுவதற்குப் பெயரைவிட மாடல் எண் நல்லது. A30s வைத்திருப்பவர்களில் பலர் ‘சாம்சங் A30’ என்றுதான் சொல்வார்கள். செட்டிங்ஸில் About phone பக்கத்தில் SM-A305 என்று தொடங்கினால் A30, SM-A307 என்றால் A30s, SM-A505 என்றால் A50.

பொருந்தாத இடத்தில் வெறும் ‘இல்லை’ போதாது. ‘A30-க்கு வேண்டாம், கைரேகை சென்சார் மறையும்’ என்று காரணத்தையும் எழுதுங்கள். இன்னும் போட்டுப் பார்க்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள்.