தசையில் விழித்துக்கொள்ளாத மாத்திரை

ஸ்டாட்டின் சாப்பிட்டால் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் ஏன் பொருந்தக்கூடும் என்பதற்கு வேதியியலிலேயே காரணம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் பல படிகளில் உருவாகிறது. ஸ்டாட்டின் தடுக்கும் படிக்குச் சற்று முன்பே இம்மருந்து குறுக்கிடுகிறது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தி குறைந்ததும், அந்த உறுப்பு ரத்தத்திலிருந்து கூடுதலாக எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் பெம்பெடோயிக் அமிலம் விழுங்கும்போது செயலற்ற பொருள். அதைச் செயல்பட வைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. தசைக்குப் போனாலும் அது அங்கே வேலை செய்யாது.

கருத்தளவில் இது அழகாக இருந்தாலும், மாரடைப்பு குறைகிறதா என்பதே கேள்வி. ஸ்டாட்டினைத் தாங்க முடியாத சுமார் 14,000 பேரிடம் நடந்த ‘கிளியர் அவுட்கம்ஸ்’ ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. பாதிப் பேருக்குத் தினமும் 180 மி.கி. மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. தொடக்கத்தில் சராசரி எல்டிஎல் 139. ஆறு மாதத்தில் இரு குழுக்களுக்கும் இடையே ஏறத்தாழ 29 புள்ளி இடைவெளி விழுந்தது. மூன்றரை ஆண்டு நெருங்கும்போது, மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை, இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் போலி மாத்திரைக் குழுவில் ஆயிரத்துக்கு 133, மருந்துக் குழுவில் 117. தசைவலி மருந்துக் குழுவில் கூடவில்லை.

ஆயிரத்துக்குப் பதினாறு பேர் என்பது சொற்பம்தானே, மரணங்களும் குறையவில்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வீரியமான ஸ்டாட்டின் எல்டிஎல்லைப் பாதியாக்கும். இது ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கிறது, பலனும் அதற்கேற்ற அளவே. எனவே இதை ஸ்டாட்டினுக்குச் சமம் என்று விற்பது தவறு. ஸ்டாட்டின் எடுக்கவே முடியாதவருக்கோ ஒப்பீடு ஸ்டாட்டினோடு அல்ல, சும்மா இருப்பதோடு. எஸெடிமைப் மாத்திரையையும் சேர்த்தால் எல்டிஎல் இன்னும் இறங்கும்.

உண்மையிலேயே முடியாதவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு மாதம் மாற்றி மாதம் ஸ்டாட்டின், போலி மாத்திரை, எதுவுமில்லை எனக் கொடுத்துப் பார்த்தது ‘சாம்சன்’ ஆய்வு. ஸ்டாட்டின் மாதங்களின் வேதனை மதிப்பெண் 16.3, போலி மாத்திரை மாதங்களில் 15.4, மாத்திரையே இல்லாதபோது 8. வலி பொய்யல்ல, ஆனால் அதில் பெரும்பகுதி ஸ்டாட்டினால் வந்ததல்ல. இப்படிப்பட்டவர் அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாறியோ பார்ப்பதே முதல் வழி. அதற்கும் பிறகுதான் பெம்பெடோயிக் அமிலம். அதைத் தொடங்குமுன் கவுட் எனும் மூட்டுநோய் வந்ததுண்டா என மருத்துவர் கேட்பார். யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறும் வழியிலேயே இம்மருந்தும் போட்டியிடுவதால், ‘கிளியர்’ ஆய்வில் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்குக் கூடுதலாக கவுட் வந்தது. பித்தப்பைக் கல்லும் அதே அளவு கூடியது. தசைநார் கிழிந்த வரலாறு உள்ளவருக்கு இம்மருந்து ஏற்றதல்ல.