துப்பாக்கிக்கு முன்னால் பெயர்ப் பட்டியல்: ஒரு குடோனுக்குப் பார்கோடு கேட்டு எழுதும் குறிப்பு

கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிறு குடோனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐந்து ஊழியர்கள், சுமார் 1,200 பொருள்கள். கடைக்காரர் ஒருவர் 6203 பேரிங் பத்து கேட்கிறார். ரேக்கில் இரண்டு வகை இருக்கிறது: இருபுறமும் தகரமூடி போட்ட `6203 ZZ`, ரப்பர்மூடி போட்ட `6203 2RS`. அளவு ஒன்றுதான், அட்டைப்பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். பில்லில் ஒன்று, பார்சலில் இன்னொன்று என்று போய்விடுகிறது. மூன்றாம் நாள் லாரியில் திரும்பி வருகிறது.

“பார்கோடு போட்டுவிடலாம் அண்ணே” என்று பொறுப்பாளர் சொன்னால், முதலாளி கேட்கும் முதல் கேள்வி “எவ்வளவு ஆகும்?” என்பதுதான். வாய்ப்பேச்சில் சொல்லும் பதில் நிற்காது. இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் நிற்கும். அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

இப்போது எவ்வளவு போகிறது?

குறிப்பு கருவியிலிருந்து தொடங்கக் கூடாது, ரிட்டர்ன் நோட்டிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மாத நோட்டைப் புரட்டி, பொருள் மாறிப்போனதால் திரும்பியவற்றை மட்டும் எண்ண வேண்டும். உடைந்து வந்ததையும், கடைக்காரரே தவறாகக் கேட்டதையும் பார்கோடு தடுக்காது. அவற்றைக் கணக்கில் சேர்த்தால் பின்னால் பொய் சொன்னது போலாகும்.

நம் உதாரணத்தில் மாதம் 18 தவறுகள் என்று வைத்துக்கொள்வோம். இருவழி லாரி வாடகையும் ஆள் நேரமும் சேர்த்து ஒரு தவறுக்கு ரூ.350. எல்லாத் தவறும் நின்றுவிடும் என்று எழுதாமல், 12 தவறு குறையும் என்று மட்டும் எழுதினால் மாதம் ரூ.4,200 மிச்சம். லேபிள், ரிப்பன், மென்பொருள் சந்தா என்று மாதம் ரூ.1,200 புதிதாகச் செலவாகும். கையில் நிற்பது ரூ.3,000.

செலவுப் பட்டியல்

வயரில்லா ஸ்கேனர் துப்பாக்கி இரண்டு, ரூ.10,000. லேபிள் பிரிண்டர், ரூ.13,000. முதல் தவணை லேபிளும் ரிப்பனும், ரூ.5,000. இப்போதுள்ள பில்லிங் மென்பொருளில் பார்கோடு வசதி சேர்க்க ரூ.12,000. இவை உதாரணத்துக்காக வைத்த தொகைகள். குறிப்பு எழுதுகிறவர் கையில் கொட்டேஷன் வாங்கி இணைக்க வேண்டும்.

பலர் எழுத மறக்கும் ஐந்தாவது வரி ஒன்று உண்டு: ஆள் கூலி. ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்து, ஒரே பெயரைத் தீர்மானித்து, எண்ணும் ரேக் இடமும் கொடுக்க ஒரு பொருளுக்கு நான்கு நிமிடமாவது ஆகும். 1,200 பொருளுக்கு 80 மணி நேரம். இருவர் சேர்ந்து செய்தால், நாள் கூலி ரூ.700 வீதம் இருபது ஆள் நாளுக்கு ரூ.14,000. மொத்தம் ரூ.54,000, மாதம் ரூ.3,000 மிச்சத்தில் பதினெட்டு மாதத்தில் திரும்பும். பட்டியலின் மிகப் பெரிய வரி கூலிதான் என்பதைக் கவனியுங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கேனருக்கு அறிவு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வேகமாகத் தட்டும் ஒரு கீபோர்டு. நோட்பேடைத் திறந்துவைத்து ஒரு சோப்பு அட்டையை ஸ்கேன் செய்து பாருங்கள். எண் மட்டும் விழும், கர்சர் அடுத்த வரிக்கு இறங்கும். அந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியது நம் பட்டியல். பட்டியலில் ஒரே பேரிங் `6203ZZ`, `6203 Z Z`, `BRG 6203` என்று மூன்று பெயரில் கிடந்தால், ஸ்கேனர் அந்தக் குழப்பத்தைத்தான் விரைவாகப் பதிவு செய்யும்.

கம்பெனி பெட்டியிலேயே பார்கோடு இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லாதவற்றுக்கு நாமே கோட் 128 வகையில் அச்சிட்டுக்கொள்ளலாம். குடோனுக்குள் மட்டும் புழங்கும் எண்ணுக்கு யாரிடமும் பதிவு தேவையில்லை.

கட்டம் கட்டமாக

முதல் மூன்று வாரம் பெயர்ப் பட்டியலைச் சீர்செய்வது. அதோடு பேரிங் ரேக்குக்கு மட்டும் ஒரு துப்பாக்கியும், சாதாரண பிரிண்டரில் அச்சிட்ட ஸ்டிக்கரும் வைத்துச் சோதனை.

இரண்டாவது கட்டம், சரக்கு உள்ளே வரும் இடம். லோடு இறங்கியதும் லேபிள் ஒட்டி ஸ்கேன் செய்யாமல் எதுவும் ரேக்குக்குப் போகாது. வாசல் சரியாகாமல் விற்பனையைத் தொடங்கினால், ஸ்டாக் முதல் வாரத்திலேயே மைனஸில் போகும்.

மூன்றாவது கட்டம் பேக்கிங் மேஜை. பில்லில் உள்ள பொருளும் கையில் உள்ள பெட்டியும் ஒன்றா என்று ஸ்கேனர் சரிபார்க்கும். ரிட்டர்ன் குறைவது இங்கேதான். ஒரு மாதம் பழைய நோட்டும் கூடவே ஓட வேண்டும்.

நான்காவது கட்டம், தினம் இருபது பொருளை எண்ணிப் பார்ப்பது. அறுபது வேலை நாளில் 1,200 பொருளும் ஒரு சுற்று முடியும். ஸ்டாக் எடுக்க இரண்டு நாள் ஷட்டரை இறக்க வேண்டியதில்லை.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக ஓர் அளவுகோலும் எழுதிவைக்க வேண்டும். கண்ணில் பட்ட ஐம்பது பொருளை எண்ணினால் 48 ஆவது கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அதே கட்டத்தில் நிற்க வேண்டும்.

எங்கே சறுக்கும்?

முதலாவது, பெட்டியா பீஸா என்ற குழப்பம். பத்து சீல் அடங்கிய பெட்டியை ஸ்கேன் செய்தால் ஒன்று என்று ஏறும். ஒரே பொருளில் வித்தியாசம் எப்போதும் ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு என்று வந்தால் காரணம் இதுதான். பெட்டிக்கும் பீஸுக்கும் தனித்தனி எண் கொடுத்தால் தீரும்.

இரண்டாவது, குறுக்கு வழி. அவசரத்தில் ஓர் ஊழியர் அடிக்கடி போகும் பொருள்களின் லேபிளை மேஜையில் ஒட்டிவைத்து, அதையே ஸ்கேன் செய்வார். ஸ்கேன் எண்ணிக்கை சரியாக இருக்கும், பார்சலில் பொருள் மாறியிருக்கும். ஸ்கேன் ஓடியும் ரிட்டர்ன் குறையவில்லை என்றால் முதலில் மேஜையைப் பாருங்கள். அவரைக் கண்டிப்பதைவிட, துப்பாக்கியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுவது பலன் தரும்.

மூன்றாவது, லேபிள். ரிப்பன் இல்லாமல் வெப்பத்தால் மட்டும் அச்சாகும் தாள் மலிவு. ஆனால் தகரக் கூரைச் சூட்டில் நாளடைவில் கறுத்தோ மங்கியோ போகும். நகத்தால் அழுத்திக் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகைத் தாள். வருடக்கணக்கில் ரேக்கில் கிடக்கும் பொருளுக்கு ரிப்பன் அச்சே ஏற்றது.

கடைசிப் பத்தி

குறிப்பின் முடிவில் ரூ.54,000 கேட்க வேண்டாம். முதல் கட்டத்துக்கு வேண்டிய கூலி ரூ.14,000, ஒரு துப்பாக்கி ரூ.5,000, ஆக ரூ.19,000 மட்டும் கேட்கலாம். பேரிங் ரேக்கில் 48 தேறாவிட்டால் திட்டத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றும் எழுதிவிடலாம். அப்படி நிறுத்தினாலும் 1,200 பொருளுக்கும் ஒரே பெயரும் ஒரே இடமும் குடோனில் மிஞ்சும். நாளை புதிதாக வேலைக்கு வரும் பையன் யாரையும் கேட்காமல் `6203 2RS` இருக்கும் தட்டுக்கு நேராகப் போவான்.