இரண்டு கருவிகளிலும் பிழை இருந்தால்

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் சோடியம் அளக்கப் புதிய கருவி வாங்குகிறது. நோயாளிகளின் மாதிரிகளை இரு கருவிகளிலும் அளந்து, புள்ளிகளிட்டுக் கோடு பொருத்துகிறார்கள். வழக்கமான குறைந்த வர்க்க முறை, கிடை அச்சிலுள்ள பழைய கருவி பிழையே செய்யாது என்று எடுத்துக்கொள்கிறது.

நோயாளிகளிடையே உண்மை அளவின் திட்ட விலக்கம் 3 அலகு, ஒவ்வொரு கருவியின் பிழைக்கும் 1 அலகு என்போம். கருவிகள் சமமானவையாக இருந்தாலும் சாய்வு 9/(9+1), அதாவது 0.9 என்றே வரும். நல்ல கருவிமேல் வீண்பழி விழும்.

டெமிங் முறை இருபக்கப் பிழையையும் கணக்கில் கொள்கிறது. மாதிரிகளை இருமுறை அளந்தால் கருவிகளின் பிழை தெரியும். அவற்றின் வர்க்க விகிதத்தை முறைக்குத் தர வேண்டும். இங்கே விகிதம் 1. ஆகவே புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்கோணமாக உள்ள தூரங்களின் வர்க்கக் கூட்டலே குறைக்கப்படுகிறது. சாய்வு 1-ஐ ஒட்டி வரும். விகிதத்தைத் தவறாகத் தந்தால் இந்தச் சாய்வும் பிசகும்.