21-ஆம் எண் விளம்பரம் எங்கே போனது?

கைபேசியில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பட்டியல் மொத்தமாக ஒரே தடவையில் வந்து சேர்வதில்லை. பழைய பொருட்களை விற்கும் ஒரு செயலியில் முதலில் 20 விளம்பரங்கள் வரும். பயனர் அடியை நெருங்கும்போது செயலி சர்வரிடம் அடுத்த 20-ஐக் கேட்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே சில விநாடிகள் ஓடியிருக்கும், சில சமயம் பல நிமிடங்களும் ஓடியிருக்கும். அதற்குள் ஒருவர் புது விளம்பரம் போட்டிருப்பார். இன்னொருவர் பைக் விற்றுவிட்டது என்று தன் விளம்பரத்தை எடுத்திருப்பார். பெரும்பாலான பிழைகள் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

சோதிப்பதற்கு 1 முதல் 60 வரை எண்ணிட்ட விளம்பரங்கள் போதும். புதியது மேலே இருக்கும்படி அடுக்கினால் முதல் பக்கத்தில் 60 முதல் 41 வரை வரும். அடுத்த பக்கத்தைப் பல செயலிகள் "மேலிருந்து 20-ஐத் தள்ளிவிட்டு அடுத்த 20 கொடு" என்று கேட்கின்றன. ஆஃப்செட் முறை என்பது இதுதான். இரண்டாம் பக்கத்தைக் கேட்கும் முன் 61 என்ற புது விளம்பரத்தை நுழைத்தால் எல்லாம் ஓரிடம் கீழே இறங்கும். இரண்டாம் பக்கம் 41-இல் தொடங்கி 22-இல் முடியும். 41 இருமுறை தெரியும். மூன்றாம் பக்கத்துக்கு முன் அந்த 61-ஐ நீக்கிவிட்டால் எல்லாம் ஓரிடம் மேலே ஏறும்; மூன்றாம் பக்கம் 20-இல் தொடங்கும். 21-ஆம் எண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திரையில் வந்த வரிசைகளை எண்ணினால் சரியாக 60 இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சோதனை இங்கே பச்சை விளக்கு காட்டிவிடும். எனவே எத்தனை வந்தன என்பதோடு எவை வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் கடைசி வரை மாறாமல் இருந்த ஒவ்வொரு விளம்பரமும் ஒரே ஒரு முறை வந்திருக்க வேண்டும் என்பதே விதி. நடுவில் சேர்ந்ததும் நீக்கப்பட்டதும் வரலாம், வராமலும் போகலாம். அதைத் தவறென்று சொன்னால் சோதனை காரணமில்லாமல் தோற்கும்.

இரட்டிப்பைப் பயனரே கண்டுபிடித்துப் புகார் செய்வார். விடுபட்டதைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை, அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. திரையில் ஒரே ஐடி இருமுறை வந்தால் ஒன்றை மறைத்துவிடும் வழக்கமும் உண்டு. அது அறிகுறியை மட்டும் துடைக்கிறது, விடுபட்ட 21-ஐத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே சர்வர் அனுப்பிய பட்டியலையும் திரையில் தெரிந்ததையும் தனித்தனியே பதிவுசெய்து ஒப்பிடுவது நல்லது. கடைசி வரை தள்ளிவிட்டுத் திரையைப் படித்தாலும் பயனில்லை. மேலே போன வரிசைகளைப் பல செயலிகள் நினைவகத்தை மிச்சப்படுத்த அழித்துவிடுவதால், ஐடிகளைத் தள்ளும்போதே சேகரிக்க வேண்டும். மாற்றம் சரியான நேரத்தில் நடக்க, "இரண்டு விநாடி காத்திரு" என்று எழுதி அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது. இணையப் பக்கமாக இருந்தால் ப்ளேரைட்டில் `page.route` கொண்டு இரண்டாம் கேள்வியைப் பிடித்து நிறுத்தி, தரவை மாற்றிவிட்டு, பிறகு அதை விடலாம்.

ஆஃப்செட்டை விட்டுவிட்டு "இந்த விளம்பரத்துக்குப் பின் வருபவை" என்று கேட்பது கர்சர் முறை. மேலே எது சேர்ந்தாலும் நீங்கினாலும் அது அசையாது. ஆனால் அதற்கும் ஒரு பொறி இருக்கிறது. 41-உம் 40-உம் ஒரே விநாடியில் பதிவானவை என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை மட்டும் கர்சராக வைத்து "இதற்கு முந்தைய நேரம்" என்று கேட்டால் 40 விடுபடும். "இதுவோ இதற்கு முந்தையதோ" என்று கேட்டால் 41 மறுபடி வரும். நேரத்தோடு ஐடியையும் சேர்த்தால்தான் தீரும்:

```sql
WHERE (created_at, id) < (:t, :id)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 20
```

பக்கத்தின் எல்லையில் வேண்டுமென்றே ஒரே நேரம் கொண்ட விளம்பரங்களை வைத்தால்தான் இந்தப் பிழை வெளிப்படும். சோதனைத் தரவில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நேரம் கொடுத்தால் ஒளிந்தே இருக்கும்.

விலை, விருப்பங்களின் எண்ணிக்கை போன்ற மாறும் மதிப்பை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியலில் கர்சரும் கைகொடுக்காது. குறைந்த விலை முதலில் வரும் பட்டியலில் பயனர் ரூ.5,000-ஐத் தாண்டிய பிறகு, ரூ.6,000-க்கு இருந்த மேசையின் விலையை விற்பவர் ரூ.4,500 ஆக்கினால், அது கர்சருக்கு முன்னால் போய்விடும். பயனர் அதைப் பார்க்கவே மாட்டார். பட்டியல் திறந்த கணத்தில் ஐடிகளின் வரிசையைச் சர்வரில் உறையவைத்துக்கொள்வது ஒரு தீர்வு. அதற்குச் சர்வரில் இடமும் வேலையும் கூடும். இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாமா என்று செயலியின் உரிமையாளர் முன்பே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எழுத்தில் இல்லாத பட்டியலில் எது பிழை, எது இயல்பு என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.