முகத்தைத் தொடாமல் சேலை மாற்றுவது

2025 செப்டம்பரில், கூகுளின் ‘நானோ பனானா’வில் தங்கள் படத்தைக் கொடுத்துச் சேலை கட்டிப் பார்க்கும் மோகம் இந்தியாவெங்கும் பரவியது. அப்போது இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பதறினார். அவர் கொடுத்தது முழுக்கைச் சட்டைப் படம்; வந்த சேலைப் படத்திலோ அவர் கையிலிருக்கும் மச்சம் தெரிந்தது. துணிக்குள் மறைந்திருப்பதைக் காணக் கணினிக்கு வழியில்லை, ஊகித்துத்தான் வரையும். ஆகவே அது தற்செயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கவலைப்பட வேண்டியது வேறு: அந்த முகம் யாருடைய சர்வரில், எத்தனை நாள் கிடக்கும்?

பெண்டாங்கில் ஒரு துணிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்குகிறது. பாஜு குரோங்கில் நிற்கும் தன் படத்தில் சேலையைப் போட்டுக் காட்டச் சொல்கிறார் ஒரு வாடிக்கையாளர். இணையச் சேவையில் ஒரு வரி எழுதினால் போதும், நொடிகளில் வந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் படம் முழுவதையும் புதிதாக வரைகிறது. மூக்கு கொஞ்சம் கூர்மையாகும், நிறம் வெளுக்கும். அக்காள் படம் தங்கை படம் போல வந்து நிற்கும்.

கடைக் கணினியிலேயே ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற திறந்த மாடலில், மாற்ற வேண்டிய இடத்தின் மேல் தூரிகையால் பூசிக் காட்டலாம். பூசிய இடத்தில் மட்டும் புது உடை வரும். பழைய உடையை எவ்வளவு அழிப்பது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. அதைக் குறைத்தால் பாஜு குரோங்கின் தொளதொளப்பு சேலைக்குள்ளும் எட்டிப் பார்க்கும்; மிகக் கூட்டினால் உடம்பு நிற்கும் வாகே மாறிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாடல் படத்தை அப்படியே கையாள்வதில்லை. நீள அகலம் இரண்டிலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, வேலை முடிந்ததும் விரிக்கிறது. அந்தப் போக்குவரத்தில் பூசாத முகமும் லேசாகக் கலங்கும். கண்ணிமையும் மூக்குத்தியும்தான் முதலில் கெடும். அதனால் முடிந்த படத்தின் மேல், பூசாத பகுதியைப் பழைய படத்திலிருந்தே திரும்ப ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டியதா என்று அறிய, கிம்ப் செயலியில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கை ‘வித்தியாசம்’ முறைக்கு மாற்றுங்கள். முகம் முழுக் கறுப்பாகத் தெரிந்தால் கண்ணுக்குப் படும் மாற்றம் எதுவும் இல்லை.

செலவு? 2025இல் கூகுள் அறிவித்த விலை, மென்பொருள் வழியே அழைத்தால் படத்துக்குச் சுமார் 4 அமெரிக்க சென். நம் காசில் ஏறத்தாழ 16 சென். சொந்தக் கணினியில் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆனாலும் மின்சாரம் அரை சென்கூட வராது. ஆனால் 12 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் அட்டைக்கு 1,200 ரிங்கிட் கொடுத்தீர்கள் என்றால், முதல் மீள ஏறத்தாழ 7,500 படங்கள் வேண்டும். சிறு கடைக்கு அது எட்டாத கணக்கு.

இரண்டு வழிக்கும் பொதுவான குறை, அலமாரியில் இருக்கும் அதே சேலையின் சரிகை அப்படியே வராது என்பது. கொசுவம் ஒன்றோடொன்று ஒட்டும், முந்தானை தோள் மாறும்.

காசை மட்டும் பார்த்தால் இணையச் சேவையே மலிவு; பொம்மைக்கு உடுத்திய சேலைக்கு அது போதும். வாடிக்கையாளரின் முகம் இருந்தால், அவர் சம்மதத்தோடு கடைக் கணினியிலேயே செய்யுங்கள், வேலை முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள்.